அம்மாவின் தைரொயிட் புற்றுநோய் அயடீனை எடுப்பதில்லையாம். பழைய பிளொக்கை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பலாமா?

வெள்ளவத்தைமகன் | 2025 மார்ச் 9, இரவு 9.40

வணக்கம். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 58 வயது. 2017இல் தைரொயிட் முழுவதையும் எடுத்தார்கள். பப்பில்லரி வகை, கழுத்து நெறிகளிலும் இருந்தது. அந்த வருடமே 150 மில்லிகியூரி கதிரியக்க அயடீன் கொடுத்தார்கள். 2020இல் நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தபோது மறுபடி 150. அப்போது எடுத்த ஸ்கேனில் நுரையீரல் அயடீனை மங்கலாக எடுத்ததாக எழுதியிருக்கிறது. 2024 பெப்ரவரியில் செய்த அயடீன் ஸ்கேனில் எதுவுமே தெரியவில்லை.

ஆனால் இரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் தைரோகுளோபுலின் ஏறுகிறது. 2020 அயடீனுக்குப் பிறகு 6, அடுத்த வருடம் 5, பிறகு 7, 2024 ஜனவரியில் 11, இப்போது 26. சிடி ஸ்கேனில் நுரையீரலின் பெரிய கட்டி 11 மில்லிமீற்றராக இருந்தது 16 ஆகியிருக்கிறது. கழுத்தின் இடது பக்கம் 18 மில்லிமீற்றர் நெறி ஒன்று புதிது.

அம்மாவுக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இல்லை. காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

கிளினிக்கில் "இனி அயடீன் பயனில்லை, குளிசை மருந்து யோசிக்க வேண்டும், முடிந்தால் ஜீன் டெஸ்ட் செய்யுங்கள்" என்றார்கள். வரிசை நீளம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. 2017இல் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த பிளொக் ஆய்வுகூடத்தில் இருக்கிறதாம். அதை இந்தியாவுக்கு அனுப்பினால் போதுமா? அந்த டெஸ்ட் வந்தால் என்ன மாறும்?

கொட்டாஞ்சேனை சிவா | மார்ச் 9, இரவு 10.15

தம்பி, கட்டாயம் செய். பிராஃப் என்று ஒரு ஜீன். பப்பில்லரியில் பாதிப் பேருக்கு மேல் அதுதான் மாறியிருக்கும். அது பொசிட்டிவ் என்றால் டப்ராஃபெனிப் என்ற குளிசையைச் சில வாரம் கொடுத்தால் கட்டி மறுபடி அயடீனை எடுக்கத் தொடங்கும். பிறகு பழையபடி அயடீன், விஷயம் முடிந்தது. என் மச்சானுக்கு வெளிநாட்டில் இதைத்தான் சொன்னார்கள்.

மருதானை அக்கா | மார்ச் 9, இரவு 10.32

எனக்கும் இதே பிரச்சினை. கழுத்தில் 1.4 சென்டிமீற்றர் கட்டி, ஊசி போட்டு எடுத்த பயொப்சியில் பெதஸ்டா 3 என்று வந்தது. நானும் ஜீன் டெஸ்டுக்கு அனுப்பட்டுமா? அயடீன் எடுக்காவிட்டால் எனக்கும் இந்தக் குளிசையா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

மெழுகுக்கட்டி | மார்ச் 10, காலை 6.05

மருதானைத் தங்கச்சி, முதலில் உங்களுக்கு. உங்களுடையது வேறு கதை. பெதஸ்டா 3 என்றால் கண்ணாடித் துண்டில் பார்த்தவரால் "இது புற்றுநோய்" என்றும் சொல்ல முடியவில்லை, "இல்லை" என்றும் சொல்ல முடியவில்லை. அங்கே ஜீன் டெஸ்ட் கேட்கும் கேள்வி, இதை அறுக்காமல் விடலாமா என்பது. தைரோசீக், அஃபிர்மா போன்றவை அதற்காக அமெரிக்காவில் உருவானவை, ஊசியில் வந்த சில செல்களில் செய்வது. இங்கே பெரும்பாலும் செய்வது சில மாதம் கழித்து இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்ப்பதும், அல்ட்ராசவுண்டில் கட்டியின் தோற்றத்தைச் சேர்த்துப் பார்ப்பதும்தான். பெருந்தொகையானோருக்கு இரண்டாவது ஊசியிலேயே பதில் வந்துவிடும். தனி இழை திறந்து உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போடுங்கள். இந்தக் குளிசைகளைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தைத் தம்பி, நான் பதொலொஜிக்காரி. 22 வருடமாக இந்த மெழுகுப் பிளொக்குகளோடுதான் வாழ்க்கை. பிளொக்கை அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்வி. 2024 பெப்ரவரி ஸ்கேனுக்கு முன் அம்மா தைரொக்சின் குளிசையை நிறுத்தினாரா? தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டிஎஸ்எச் அன்று எவ்வளவு? ஸ்கேனுக்கு முன்னே இரண்டு மூன்று மாதத்துக்குள் நரம்பில் மருந்து ஏற்றி சிடி எடுத்தீர்களா?

வெள்ளவத்தைமகன் | மார்ச் 10, இரவு 8.20

நன்றி அக்கா. 4 வாரம் குளிசை நிறுத்தினார், டிஎஸ்எச் 64. கருவாடு, மாசி, கடல் மீன் எல்லாம் விட்டு அயடீன் இல்லாத உப்பு தேடி அலைந்தோம். ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான் பழைய கோப்பைப் பார்த்தேன். 11 மில்லிமீற்றர் என்று சொன்ன அந்த சிடி 2024 ஜனவரியில், தனியார் இடம் ஒன்றில், மருந்து ஏற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். ஸ்கேனுக்கு 5 வாரம் முன்பு. யாரும் எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மெழுகுக்கட்டி | மார்ச் 10, இரவு 10.50

நினைத்தேன். அந்த மருந்தில் இருப்பதே அயடீன்தான். ஒரு சிடிக்கு ஏற்றும் அளவு, ஒரு மாதம் கருவாட்டை விட்டு மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே நிமிடத்தில் இல்லாமல் செய்துவிடும். உடம்பில் சாதாரண அயடீன் நிறைந்திருந்தால், கதிரியக்க அயடீனுக்குக் கட்டிக்குள் இடம் கிடைக்காது. ஸ்கேன் வெறுமையாக வரும். 6 முதல் 8 வாரம் பொறுக்கச் சொல்வார்கள், சிலர் 3 மாதம் என்பார்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீரில் அயடீன் பார்த்துவிட்டுச் செய்யலாம். ஆகவே 2024 ஸ்கேன் "எதுவும் தெரியவில்லை" என்றதை மட்டும் வைத்து "எடுக்கவில்லை" என்று முடிவு கட்ட முடியாது.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2020இல் நுரையீரல் அயடீனை எடுத்தது என்று நீங்களே சொன்னீர்கள். எடுத்தும் தைரோகுளோபுலின் 6இலிருந்து 5க்குத்தான் வந்தது, பிறகு ஏறியது. அயடீன் உள்ளே போயும் கட்டி சாகவில்லை என்றால் அதுவும் அயடீனுக்கு மசியாத நோய்தான். "மசியாதது" என்பதற்கு ஒரே ஒரு வாசல் இல்லை.

இரவுவார்ட்டு | மார்ச் 11, அதிகாலை 2.30

புற்றுநோய்ப் பிரிவில் மெடிக்கல் ஒஃபிசர். மெழுகுக்கட்டி மிஸ் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் இல்லை. மங்கலாக எடுத்தது என்றால் போதிய கதிர் போய்ச் சேரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். சரியாகத் தயார் செய்து ஒரு சிறிய ஸ்கேன் மறுபடி செய்யலாம் என்பது என் கருத்து. அதோடு பெட் ஸ்கேன். கட்டிகள் பெட்டில் பளிச்சென்று எரிந்தால், அவை அயடீனை மறந்து சர்க்கரையைப் பிடித்துக்கொண்டன என்று அர்த்தம். அப்படிப்பட்டவை பொதுவாக அயடீனுக்கு மசியாது, வேகமும் அதிகம்.

சிவா அண்ணா சொன்ன "மறுபடி எடுக்க வைப்பது" பொய்யில்லை. ஆனால் "விஷயம் முடிந்தது" என்பது நடக்காது. 2013இல் வந்த ஆய்வில் செலுமெட்டினிப் என்ற குளிசை கொடுத்து 20 பேரைப் பார்த்தார்கள். 12 பேருக்கு அயடீன் எடுப்பது கூடியது. அதிலும் 8 பேருக்குத்தான் சிகிச்சைக்குப் போதுமான அளவு கூடியது. வேடிக்கை என்னவென்றால் என்-ராஸ் என்ற ஜீன் மாறிய 5 பேரும் அந்த 8 பேரில் இருந்தார்கள், பிராஃப் மாறிய 9 பேரில் ஒருவர்தான். பிறகு டப்ராஃபெனிப் கொடுத்துப் பிராஃப் காரர்களைப் பார்த்த சின்ன ஆய்வில் 10இல் 6 பேருக்கு அயடீன் திரும்பியது. நல்ல வழி, சிலருக்கு. எத்தனை வருடம் நிற்கும் என்பதுதான் இன்னும் பெரிய கேள்வி.

கொட்டாஞ்சேனை சிவா | மார்ச் 11, காலை 7.10

சரி சரி, மச்சானுக்கு சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் பிராஃப் நெகட்டிவ் என்றால் குளிசை வழியே மூடிவிடும் என்பது சரிதானே?

மெழுகுக்கட்டி | மார்ச் 11, மாலை 5.45

அதுதான் தலைகீழ். இங்கே பலர் இடறும் படி இதுதான்.

பப்பில்லரிக் கட்டியை ஓட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு எஞ்சின். பிராஃப் இருந்தால் வேறு எஞ்சின் பொதுவாக இருக்காது. பிராஃப் இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று ஓட்டுகிறது என்றுதான் அர்த்தம். அப்போதுதான் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும் ஒட்டு ஜீன்களைத் தேட வேண்டும், முக்கியமாக ரெட். ரெட் ஒட்டு கிடைத்தால் அதற்கென்றே செய்த குளிசை இருக்கிறது. ஆகவே பிராஃப் நெகட்டிவ் என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. தேடலின் முதல் படி முடிந்தது, அவ்வளவுதான்.

செலவைக் குறைக்க ஒரு வழி: பிராஃப்பை முதலில் சாயம் போட்டே பார்க்கலாம். பொசிட்டிவ் என்றால் பெரிய டெஸ்டே தேவைப்படாமல் போகலாம். நெகட்டிவ் என்றால் பெரியதுக்கு அனுப்புங்கள். ஆனால் அனுப்பும்போது டிஎன்ஏ மட்டும் பார்க்கும் டெஸ்டை வாங்கிவிடாதீர்கள். ஒட்டு ஜீனில் வெட்டும் இடம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு, எல்லாவற்றையும் டிஎன்ஏயில் பிடிக்க முடியாது. ஆர்என்ஏயும் பார்க்கும் டெஸ்ட் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிளொக்கை அப்படியே கொடுக்காதீர்கள். 5 மைக்ரோன் தடிப்பில் சாயமில்லாத வெட்டுகள் 10, ஒரு சாயமிட்ட கண்ணாடி, அதில் கட்டி எங்கே என்று பதொலொஜிஸ்ட் பேனாவால் வட்டமிட்டது. அந்த வட்டத்துக்குள் கட்டிச் செல்கள் குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

இன்னொரு பயம்: 8 வருடப் பழைய பிளொக். டிஎன்ஏ தாக்குப் பிடிக்கும். ஆர்என்ஏ மெலிந்த நூல், பழைய பிளொக்கில் துண்டு துண்டாகிவிடும்.

தெஹிவளை ரிஸ்வி | மார்ச் 12, பகல் 1.20

வாப்பாவுக்கு இதே நோய், 2 வருடமாக லென்வாட்டினிப். ஜீன் டெஸ்ட் ஒன்றும் செய்யவில்லை, அது ஜீன் பார்க்காமலே கொடுக்கும் மருந்து. நான் டொக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

24 மில்லிகிராமில் தொடங்கினார்கள். முதல் வாரமே பிரஷர் 180க்கு மேலே. அதற்கு முன் வாப்பாவுக்குப் பிரஷரே இல்லை. பிறகு வயிற்றுப்போக்கு, சாப்பாட்டில் ருசியில்லை, 3 மாதத்தில் 7 கிலோ இறங்கினார். 20, அப்புறம் 14 ஆக்கினார்கள், இப்போது 14இல் நிற்கிறது. நுரையீரல் கட்டிகள் சுருங்கி அப்படியே இருக்கின்றன. பிரஷர் மெஷின் வாங்குவதை முதல் குளிசைக்கு முன்பே செய்யுங்கள். சிறுநீரில் புரதம் அடிக்கடி பார்க்கிறார்கள். தைரொக்சின் அளவையும் கூட்ட வேண்டி வந்தது, ஏனென்று தெரியவில்லை.

இரவுவார்ட்டு | மார்ச் 12, இரவு 11.50

ரிஸ்வி அண்ணா, அந்தக் குளிசையே டிஎஸ்எச்சை ஏற்றிவிடும், அதனால் மாதா மாதம் பார்க்கச் சொல்வோம். உங்கள் வாப்பா விதிவிலக்கு இல்லை. 2015இல் வந்த பெரிய ஆய்வில் லென்வாட்டினிப் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி வளரும்வரை சராசரியாக 18.3 மாதம் கிடைத்தது, மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கு 3.6. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு அளவைக் குறைக்க வேண்டி வந்தது. "அப்படியென்றால் ஆரம்பமே 18இல் தொடங்கலாமே" என்று தனியாக ஆய்வு செய்தார்கள். 24 வாரத்தில் 24 மில்லிகிராம் காரர்களில் 57 சதவீதத்துக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, 18இல் 40. பக்க விளைவு பெரிதாகக் குறையவும் இல்லை. அதனால் உடம்பு தாங்குபவர்களுக்கு 24இல் தொடங்கி, பிறகு இறக்குவதுதான் வழக்கம்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு முக்கியமான விஷயம்: எப்போது தொடங்குவது. உங்கள் அம்மாவின் தைரோகுளோபுலின் 14 மாதத்தில் 11இலிருந்து 26 என்றால் கிட்டத்தட்ட 11 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒரு வருடத்துக்குக் கீழே என்பது நல்லதில்லை. இரண்டும் ஒரே ஆய்வுகூடம்தானா, தைரோகுளோபுலினுக்கு எதிரான அன்ரிபொடி இல்லையா என்று உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணக்குக்கே மதிப்பில்லை. கட்டியும் 5 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. அந்த 2015 ஆய்வில் சேர்த்தவர்களும் இப்படித்தான், 13 மாதத்துக்குள் வளர்ந்தது படத்தில் தெரிந்தவர்கள். எனக்கென்றால் இன்னும் 3 மாதத்தில் ஒரு சிடி, அதற்குள் டெஸ்ட். வளர்ந்தால் தொடங்குவேன்.

மெழுகுக்கட்டி | மார்ச் 13, காலை 6.20

நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். அம்மா இருமாமல் கோயிலுக்கு நடக்கிறார். 16 மில்லிமீற்றர் கட்டி நுரையீரல் ஓரத்தில் இருக்கிறதா, மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். இந்தக் குளிசையைத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், நாளாந்த வாழ்க்கை மாறும். டெஸ்டை முன்னாலேயே செய்யுங்கள், குளிசையை முடிந்த அளவு பின்னால் தள்ளுங்கள். என் பக்கம் இது. டொக்டர் தம்பிக்கும் எனக்கும் இதில் உடன்பாடு வராது.

ஒன்று கேட்கிறேன். கழுத்து நெறியைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? 18 மில்லிமீற்றர், பக்கக் கழுத்தில். சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டினீர்களா? எடுக்கக்கூடியதாக இருந்தால் எடுத்துவிடலாம். புதிய கட்டி, புதிய பிளொக், நல்ல ஆர்என்ஏ. அதுவும் குளிசைக்கு முன்பு. லென்வாட்டினிப் காயத்தை ஆறவிடாது, தொடங்கிய பிறகு கத்தி வைப்பதென்றால் ஒரு வாரமாவது முன்பே நிறுத்த வேண்டும்.

வெள்ளவத்தைமகன் | ஏப்ரல் 4, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. சுருக்கமாகச் சொல்கிறேன். தைரோகுளோபுலின் ஒரே ஆய்வுகூடம், அன்ரிபொடி இல்லை. சத்திரசிகிச்சை டொக்டர் ஏப்ரல் கடைசிக்கு நாள் தந்திருக்கிறார். ஆனால் அதற்குள் பொறுமை இல்லாமல் பழைய பிளொக்கின் வெட்டுகளை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. முக்கியமான வரிகள்:

```
BRAF V600E: not detected
TERT promoter c.-124C>T (C228T): detected
Gene fusions: none detected*
* RNA QC: FAIL
```

பிராஃப் இல்லை, ஒட்டு ஜீனும் இல்லை. டெர்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை சிவா | ஏப்ரல் 4, இரவு 7.00

அடடா. டெர்ட் பொசிட்டிவ் கெட்ட சாதி என்று படித்திருக்கிறேன். அதற்கு மருந்து இல்லை. அப்படியென்றால் லென்வாட்டினிப்தான் தம்பி, வேறு வழியில்லை.

மெழுகுக்கட்டி | ஏப்ரல் 4, இரவு 9.10

இருவரும் கடைசி வரியைப் படிக்கவில்லை. நட்சத்திரத்தைத் தொடர்ந்து கீழே போங்கள். ஆர்என்ஏ தரம் தேறவில்லை என்று போட்டிருக்கிறார்கள். அதாவது ஒட்டு ஜீன் பகுதியை அவர்கள் பார்க்கவே முடியவில்லை. "இல்லை" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. இந்த மாதிரி ரிப்போர்ட் வடிவத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, எத்தனை பேர் இதைப் பார்த்து வழி மூடிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருப்பார்களோ.

டெர்ட் பற்றி சிவா சொன்னது பாதி சரி. கட்டி முரடாக நடப்பதற்கு அது ஒரு காரணம், அதற்கு நேரடி மருந்தும் இல்லை. ஆனால் அது எஞ்சின் இல்லை. பிராஃப்போடும் வரும், ராஸோடும் வரும், ஒட்டு ஜீனோடும் வரும். எஞ்சின் எது என்ற கேள்வி அப்படியே திறந்திருக்கிறது. தைரோகுளோபுலின் வேகமாக ஏறுவதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது, அவ்வளவு.

கழுத்து நெறியை எடுக்கும் நாளுக்கு முன் இதைக் கேளுங்கள்: எடுத்தவுடன் 10 சதவீத பஃபர் செய்த ஃபோர்மலினில் போட வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் அதிலேயே கிடக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அறுத்து, திங்கள் போயா என்றால் செவ்வாய்தான் யாரும் தொடுவார்கள். நான் பார்த்த கெட்டுப்போன ஆர்என்ஏக்களில் பாதி நீண்ட வார இறுதியின் பிள்ளைகள். வாரத்தின் ஆரம்பத்தில் நாள் கிடைத்தால் நல்லது.

மருதானை அக்கா | ஏப்ரல் 5, காலை 9.00

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். இரண்டாவது ஊசி போட்டேன், பெதஸ்டா 2, அதாவது புற்றுநோயில்லாத வகை. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள். வெள்ளவத்தைத் தம்பியின் அம்மாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளவத்தைமகன் | ஜூன் 7, இரவு 8.45

நெறியை ஒரு திங்கட்கிழமை எடுத்தார்கள். பக்கத்தில் இன்னும் 2 சிறிய நெறிகள் இருந்தன, அவற்றையும் சேர்த்து. குரல் கொஞ்சம் கரகரத்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. கல்சியம் பிரச்சினை இல்லை. புதிய பிளொக் மறுபடி அனுப்பினோம், ஆர்என்ஏ டெஸ்ட் என்று எழுதி வாங்கித்தான்.

```
RNA QC: PASS
CCDC6::RET fusion: detected
```

அக்கா, நீங்கள் சொன்ன ரெட். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மெழுகுக்கட்டி | ஜூன் 7, இரவு 9.05

2017 பிளொக்கிலும் இதுதான் இருந்திருக்கும், பேசாமல் கிடந்திருக்கிறது. இளம் வயதினரிலும், சின்ன வயதில் கதிர் பட்டவர்களிலும் ரெட் ஒட்டு கூடுதலாக வரும் என்பதால் 58 வயதில் யாரும் பெரிதாக எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இரவுவார்ட்டு | ஜூன் 8, அதிகாலை 3.15

நல்ல செய்தி. ரெட்டுக்கென்றே செய்த செல்பர்காட்டினிப் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது வைத்த எண்ணிக்கை சின்னது: முன்பே வேறு மருந்து எடுத்திருந்த 19 தைரொயிட் நோயாளிகளில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 19 பேரை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பக்க விளைவில் லென்வாட்டினிப்பை விட இதோடு வாழ்வது இலேசு என்பது என் பார்வை. பிரஷர் இதிலும் ஏறும், ஈரல் என்சைம் ஏறலாம், இதயத்தின் ஈசிஜி பார்த்துத் தொடங்க வேண்டும்.

அம்மாவின் எடை என்ன? 50 கிலோவுக்கு மேல் என்றால் 160 மில்லிகிராம் இரண்டு வேளை, கீழே என்றால் 120. ஓமெப்ரசோல் போன்ற குளிசை எடுக்கிறாரா? எடுத்தால் முதலில் நிறுத்த முடியுமா பாருங்கள். வயிற்று அமிலம் குறைந்தால் இந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. நிறுத்தவே முடியாதென்றால் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள்.

இனி கஷ்டமான பகுதி. இந்த மருந்து பாமசியில் போய் வாங்குவதில்லை. உங்கள் ஒன்கொலொஜிஸ்ட் பெயர் குறித்துக் கோரிக்கை வைக்க வேண்டும். பணமோ பெரிது. லென்வாட்டினிப் ஜெனெரிக் கிடைக்கிறது, விலையும் எவ்வளவோ குறைவு. இரண்டுக்கும் இடையில் காசை வைத்து முடிவெடுப்பது வெட்கக்கேடு இல்லை.

தெஹிவளை ரிஸ்வி | ஜூன் 8, காலை 10.30

வாப்பாவுக்கு இந்த டெஸ்ட் செய்யாமலே லென்வாட்டினிப் தொடங்கியது தவறா? இதைப் படித்த நேரத்திலிருந்து அதே நினைப்பு.

மெழுகுக்கட்டி | ஜூன் 8, பகல் 12.40

தவறில்லை. லென்வாட்டினிப் ஜீனைப் பார்த்துக் கேட்பதில்லை, 2 வருடம் பிடித்து வைத்திருக்கிறது. அது கைவிடும் நாளுக்கு அடுத்தது என்ன என்பதற்காக இப்போதே பிளொக்கைத் தேடி வையுங்கள். வாப்பாவின் பிளொக் எத்தனை வருடப் பழசு? எலும்பிலிருந்து எடுத்ததா? எலும்பை மென்மையாக்க அமிலம் போட்டிருப்பார்கள், அதில் ஜீன் ஒன்றும் மிஞ்சாது. கழுத்து நெறியிலிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது.

தெஹிவளை ரிஸ்வி | ஜூன் 8, பகல் 1.05

தோள் எலும்பு பயொப்சிதான். தைரொயிட் பிளொக் 2014. தேடுகிறேன்.

வெள்ளவத்தைமகன் | ஜூன் 22, இரவு 7.50

அம்மா 54 கிலோ. ஓமெப்ரசோல் எடுத்தார், நிறுத்திப் பார்க்கிறோம். பெட் ஸ்கேனில் நுரையீரலின் பெரிய கட்டி இரண்டு எரிகின்றன, சின்னவை எரியவில்லை. மூச்சுக்குழாய் பக்கம் ஒன்றுமில்லை. 3 மாத சிடியில் 16 அப்படியே 16. தைரோகுளோபுலின் நெறி எடுத்த பிறகு 26இலிருந்து 19. ஒன்கொலொஜிஸ்ட் செப்டெம்பர் வரை பொறுத்து, வளர்ந்தால் தொடங்குவோம் என்கிறார். செல்பர்காட்டினிப்புக்கான கோரிக்கைக் கடிதத்தையும் இப்போதே எழுதித் தந்தார்.

இரவுவார்ட்டு | ஜூன் 22, இரவு 11.20

நான் சொன்னதும் 3 மாத சிடிதான், அது நிற்கிறது என்று காட்டியிருக்கிறது. மிஸ் இந்தச் சுற்றில் ஜெயித்துவிட்டார். ஆனால் எரியும் இரண்டையும் கவனித்துக்கொள்ளுங்கள். என் வாக்கு இன்னும் செப்டெம்பருக்கு முன்னால்தான்.

வெள்ளவத்தைமகன் | ஜூன் 23, காலை 7.40

அம்மா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். ஸ்கேனுக்காக நிறுத்திய கருவாட்டை அதன் பிறகு பயத்தில் தொடவே இல்லை. இனிச் சாப்பிடலாமா?

மெழுகுக்கட்டி | ஜூன் 23, காலை 8.00

மறுபடி அயடீன் ஸ்கேன் எழுதினால் அதற்கு முன் நிறுத்தலாம். இப்போது அப்படி ஒன்று இல்லையே. சாப்பிடட்டும்.

தெஹிவளை ரிஸ்வி | ஜூன் 23, காலை 8.25

இப்பவே சாப்பிடட்டும் தம்பி. குளிசை தொடங்கினால் பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், வாப்பாவின் கருவாடு அப்படித்தான் போனது. 2014 பிளொக் கிடைத்துவிட்டது அக்கா, நாளைக்கு 138 பஸ்ஸில் மகரகம போய் டொக்டரிடம் கேட்கிறேன்.